அலமாரிக்குள் வண்டிக்காரன்

கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. லாரி ஓட்டினேன், சரக்கை ஏற்றினேன், இறக்கினேன். கண்ணால் பார்க்கக்கூடிய வேலை அது. என் தம்பி மகளும் அவள் புருஷனும் செய்வது என்ன வேலை என்று யாராவது கேட்டால், வீட்டில் உட்கார்ந்து எதையோ தட்டுகிறார்கள் என்றுதான் சொல்வேன்.

அவளைச் சின்னது என்றுதான் கூப்பிடுவோம். மாப்பிள்ளை படம் வரைவான், கணக்குப் போடுவான். சின்னது கதையும் பேச்சும் எழுதுவாள். பின்னால் ஒரு கம்பெனியும் கிடையாது. இரண்டு பேர், ஒரு மேசை, அவ்வளவுதான்.

விளையாட்டு இதுதான். ஒரே பனிமூட்டம். ஒரு பெண் வழி தெரியாமல் நடக்கிறாள். பின்னாலேயே ஒரு மாட்டு வண்டிக்காரன் வருகிறான். பனியில் அவளுக்கு எதுவும் தெரியாது. அவன்தான் சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் ஆபத்து வருகிறது, விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று. அவன் குரல் இல்லாவிட்டால் விளையாடுகிறவன் பத்தடி தாண்ட மாட்டான்.

அந்தக் குரலுக்கு என் தம்பியைப் பிடித்தார்கள். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பஸ்ஸின் பின்படியில் நின்று கத்தினால் டிரைவர் பிரேக்கில் கால் வைப்பான். அந்த நேரம் தொண்டை கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. ஏதோ வீக்கம், மாத்திரையில் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்னதுக்கு அந்தக் கரகரப்பே பிடித்துவிட்டது. வண்டிக்காரன் பனியிலேயே கிடந்தவன், அப்படித்தான் பேசுவான் என்றாள்.

ரெக்கார்டு செய்ய என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை. என் வீடு முட்டுச்சந்தில். என் மனைவியின் துணி அலமாரியைத் திறந்து, நடுவில் இருந்த பலகையைக் கழற்றி, புடவைகளை அப்படியே தொங்கவிட்டு, பின்னால் கம்பளியைக் கட்டினார்கள். துணி இருந்தால் எதிரொலி வராதாம். பழைய மைக் ஒன்று. அதற்கு முன்னால் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார்கள். 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் அடிக்காமல் இருக்கவாம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். அந்த ஒரு சாண் கடைசிவரை மாறக் கூடாது. லேப்டாப்பின் விசிறி இரைகிறது என்று அதை ஹாலில் வைத்து, ஒயரைக் கதவுக்கு அடியில் விட்டார்கள். ஃப்ரிட்ஜையும் நிறுத்தினார்கள். திரும்பப் போட மறந்து பால் திரிந்தது வேறு விஷயம்.

சின்னது முதலில் எழுதி வந்தது எல்லாம் நீளம். "எச்சரிக்கையாக இரு, இடது பக்கத்திலிருந்து ஒருவன் நம்மை நோக்கி வருகிறான்" என்று தம்பி படித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை திரையில் மூன்று தடவை செத்தான். அவளே பேனாவால் அடித்து அடித்துக் கடைசியில் "இடது பக்கம்!" என்று நிறுத்தினாள். இந்த மாதிரிக் குட்டிப் பேச்சுக்கு அவர்கள் தொழிலில் குரைப்பு என்று பேராம்.

"அப்போ என்னை நாய் வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்கே" என்றான் தம்பி.

"உங்களுக்குப் பழக்கமான வேலைதானேப்பா" என்றாள் அவள்.

அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார்கள். மெதுவான பேச்செல்லாம் முதலில், கத்தல் எல்லாம் கடைசியில். கத்தும்போது மட்டும் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் உடைந்துவிடும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஐந்தாறு விதம் வேண்டும், ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டால் ஆள் எரிச்சலாவான் என்று சின்னது சொன்னாள். அன்றைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு விதம்தான் முடிந்தது. தம்பிக்கு இருமல் வந்துவிட்டது. மிச்சத்தை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று போனார்கள்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. வீக்கம் வெறும் வீக்கம் இல்லை, கேன்சர். பெரிய ஆஸ்பத்திரியில் சதையை எடுத்துப் பார்த்தார்கள், உடனே ஆபரேஷன் என்றார்கள், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை. மூச்சு அது வழியாகத்தான். ஓட்டைக்கு முன்னால் ஒரு சின்னத் துணி தொங்கும். ஆள் பிழைத்தான். பேச்சு போனது. முதலிலேயே ஒழுங்காகப் பார்த்திருந்தால் என்று நான் டாக்டர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் யாரும் நிற்க மாட்டார்கள். விடுகிறேன்.

சின்னது இருந்ததை வைத்தே விளையாட்டை ஓட்டிப் பார்த்தாள். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் நாலு பேருக்கு விளையாடக் கொடுத்தாள். வந்த பதிலை மாப்பிள்ளை மறைக்கப் பார்த்தான், தம்பி போனைப் பிடுங்கிப் படித்துவிட்டான். எல்லோரும் ஒன்றைத்தான் எழுதியிருந்தார்கள். அந்தக் கிழவன் சொன்னதையே சொல்கிறான், தாங்கவில்லை. ஒருத்தன், வண்டிக்காரனை மட்டும் கொல்ல வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தான்.

தம்பி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். பின்னாலேயே அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். வண்டிக்காரன் பேச்சைக் குறைக்கலாமா என்றால் முடியாது, பனியில் வழி சொல்ல வேறு ஆள் இல்லை. இருக்கிற குரலையே கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். நோயாளியும் கோமாளியும் மாறி மாறிப் பேசுவது போல வந்ததாம். மாப்பிள்ளை இன்னொன்று சொன்னான். தம்பியின் குரலைக் கம்ப்யூட்டருக்குப் போட்டுக் கொடுத்தால் அதுவே அவன் மாதிரிப் புதிதாகப் பேசுமாம்.

தம்பி போனில் தட்டிக் காட்டினான். நான் சொல்லாததை நான் சொன்ன மாதிரி எவனும் சொல்ல வேண்டாம்.

அப்புறம் விரலை என் பக்கம் நீட்டினான்.

எங்கள் குரல் ஒரே மாதிரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போனில் யார் என்று தெரியாமல் அவன் மனைவியே என்னிடம் காய்கறி வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். அதனால் நான் கூடுதல் விதங்களைப் பேசி, அவன் பேசியதோடு கலந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. எனக்கு இஷ்டமில்லை. அவனுக்கு முன்னால் அவன் குரலில் பேசுவதற்கு நான் எங்கே போவேன். ஆனால் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு ஒருத்தன் கையை நீட்டும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது.

ஒரு பத்துப் பேச்சு எடுத்துக் கலந்து பார்த்தார்கள். போனில் ஏமாறுகிற காது மைக்கில் ஏமாறவில்லை. ஒரே வண்டியில் இரண்டு கிழவன்கள் உட்கார்ந்திருப்பது எனக்கே கேட்டது. சின்னது ஹெட்போனைக் கழற்றவே இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலக்க முடியாது பெரியப்பா" என்றாள். "ஒண்ணு எல்லாம் அப்பா. இல்லே எல்லாம் நீங்க."

யாரும் தம்பியைப் பார்க்கவில்லை. அவனே தட்டினான். எல்லாம் அண்ணன்.

"போடா" என்றேன். "நீ பேசினது இருக்கட்டும். நாலு பேர் திட்டினா திட்டிட்டுப் போறானுங்க."

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். திரும்பவும் அதையே காட்டினான். சின்னது அழவில்லை. அழுதிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். கோப்புகளுக்குப் புதுப் பேர் போட ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் அலமாரிப் பலகையைக் கழற்றினோம். ஃப்ரிட்ஜ் நின்றது. நான் உள்ளே நின்றேன். தம்பி எனக்கு எதிரே ஸ்டூலில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டோம். சின்னதும் மாப்பிள்ளையும் ஹாலில்.

எனக்குப் படிப்பு குறைவு. தாளைப் பார்த்துப் பேசினால் பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. தம்பி தாளைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஒவ்வொன்றையும் அவன் வாயை அசைத்துச் சொல்வான், சத்தம் இல்லாமல். நான் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். "நிக்கிறதுக்கா வந்தோம்?" "விளக்கைப் பாரு." "வர்றான், வர்றான்." அவன் எங்கே இழுக்கிறானோ அங்கே நானும் இழுத்தேன், அவன் எங்கே வெட்டுகிறானோ அங்கே வெட்டினேன். கத்த வேண்டிய இடத்தில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் என்னிடமிருந்து வந்தது. லாரி ஓட்டிய காலத்தில்கூட அப்படி ஒரு ஓட்டம் எனக்கு அமைந்ததில்லை. நன்றாக வருகிறது என்று எனக்கே தெரிந்தது.

சின்னது கதவைத் திறந்தாள். ஏதோ இரைச்சல் வருகிறது என்றாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தோம், நின்றுதான் இருந்தது. மேல்மாடி ஃபேனாக இருக்கும் என்றாள். அது பொய் என்று எனக்குப் பட்டது. திரும்பவும் எடுத்தோம். திரும்பவும் கதவைத் திறந்தாள். மைக்கை எனக்குப் பக்கத்தில் நகர்த்தினாள், கம்பளியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே செய்தாள்.

"ஒரு தடவை சும்மா இருங்க பெரியப்பா" என்றாள். "பேசாதீங்க. அறை எப்படி இருக்குன்னு மட்டும் பதியறேன்."

சும்மா இருந்தோம். அப்போது எனக்கும் கேட்டது. உஸ், உஸ் என்று, சைக்கிள் டியூபில் ஊசி குத்தினால் வருகிற மாதிரி. தம்பியின் கழுத்துத் துணிக்குப் பின்னாலிருந்து. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு உஸ்.

தம்பிக்கும் கேட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் அலமாரிக்குள் தொங்குகிற புடவையைப் பார்த்தேன். அவன் தாளை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். கதவைத் திறந்து, சின்னதின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போனான். வாசல் கதவையும் சாத்தினான். பஸ் கதவை அடித்துச் சாத்திப் பழகியவன், சத்தமே வராமல்.

"மாமா, முதல்லேர்ந்து போகணும்" என்றான் மாப்பிள்ளை. "இதுவரைக்கும் எடுத்தது எல்லாத்துலயும் இருக்கு."

அதை எடுக்க முடியாதா என்று கேட்டேன். எடுக்கலாம், ஆனால் கூடவே குரலும் கரைந்து தண்ணிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும் என்றான். சின்னது ஹாலுக்குத் திரும்பிப் போனாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலிலிருந்து போனோம். எனக்கு எதிரே காலி ஸ்டூல். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கண்ணை மூடி, அவன் உதடு எப்படிப் போனது என்று நினைத்து நினைத்துச் சொன்னேன். பாதி வந்தது. மீதி எப்படியோ வந்தது. நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சொன்னான். எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவன் பேச்சை நான் எடுத்துக்கொள்வதில்லை. அவள் சொல்லட்டும் என்று பார்த்தேன். அவள் "அடுத்தது" என்று மட்டும் சொன்னாள்.

கடைசிக் கத்தலை முடிக்கும்போது என் தொண்டையும் போயிருந்தது. வெளியே வந்தேன்.

தம்பி வாசலை விட்டுத் தள்ளி, சந்தின் கடைசியில், அடுத்த வீட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தான். இரண்டு சுவர், இரண்டு கதவு, அத்தனை கம்பளி நடுவில். அங்கிருந்து ஒரு சத்தமும் உள்ளே வராது. அது அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் துணிக்கு மேல் உள்ளங்கையைக் குவித்து, தோள் அசையாமல், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது.

"முடிஞ்சுதுடா" என்றேன். "கையை எடு. மூச்சு விடு."