கை அட்டைக்காரி

தச்சநல்லூரில் பார்கவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கழுத்தில் இரண்டு அட்டை தொங்கும். ஒன்றில் பெயரும் வகுப்பும் இருக்கும். இன்னொன்றில் படம்: நீலத்தில் கண், மஞ்சளில் காது, சிவப்பில் கை. ஜூன் மாதம் இருபது கேள்வி கொடுத்து, பதில்களை எண்ணி, இந்தப் பிள்ளை பார்த்துப் படிக்கும், இது கேட்டுப் படிக்கும், இது செய்து படிக்கும் என்று பிரித்துவிடுவார்கள். ஜோசியர்கூட ஜாதகத்தைக் கையில் வாங்கினால் கொஞ்ச நேரம் யோசிப்பார். இங்கே இருபது நிமிஷத்தில் ஒரு பிள்ளையின் மூளை தீர்மானமாகிவிடும்.

இந்தக் கூத்தைக் கொண்டுவந்ததே பார்கவிதான். பி.எட். படிக்கும்போது பாடத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கேள்விகளைத் தமிழில் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "எந்தக் குழந்தையும் மக்கு இல்லை, வழிதான் வேறே" என்று பேசியபோது கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. தாளாளர் சிவசங்கரன் மறுநாளே அவளை இதற்கு ஒருங்கிணைப்பாளர் ஆக்கி, கண், காது, கை மூன்றையும் பள்ளிப் பேருந்தின் பக்கவாட்டில் வரைய வைத்துவிட்டார்.

இந்த வருஷம் வேறு பள்ளி ஆசிரியர்களுக்கு இதைப் பற்றி வகுப்பெடுக்கச் சொன்னார்கள். ஆதாரத்தோடு பேசலாமே என்று தேடப் போனாள். அங்கேதான் வினை. குழந்தைக்கு எது பிடிக்கும் என்பது ஒன்று. பிடித்த வழியில் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகப் படிக்கும் என்பது வேறொன்று. இரண்டாவதை ஒழுங்காகச் சோதித்தவர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று கட்டுரைகள் வரிசையாகச் சொல்லின. வரைபடத்தைக் காதால் படிக்க முடியாது, உச்சரிப்பைக் கண்ணால் படிக்க முடியாது. வழியைத் தீர்மானிக்க வேண்டியது பாடம், அட்டை இல்லை. அன்றைக்கு பார்கவிக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் வகுப்பில் அதே இருபது கேள்வியை மறுபடி கொடுத்தாள். முப்பத்துநாலு பேரில் பத்தொன்பது பேருக்கு அட்டை மாறி வந்தது. தாளாளரிடம் காட்டினாள்.

"நல்ல விஷயம் டீச்சர். அப்ப அட்டையை வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்துவோம்" என்றார் சிவசங்கரன், சந்தோஷமாக.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அரையாண்டு முடிந்ததும் கை அட்டைக்காரர்களுக்குத் தனியாகச் செயல் பிரிவு தொடங்கப்போகிறாராம். களிமண், அட்டை, பசை எல்லாம் உண்டு. பாடப்புத்தகத்தில் பாதிக்குப் பாதி கிடையாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பார்கவி பயந்தது இசக்கிச்செல்வியை நினைத்துத்தான். எட்டாம் வகுப்பு, சிவப்பு அட்டை. வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "நான் கை டீச்சர், எனக்கு வாசிப்பு வராது" என்பாள். நோய்ச் சான்றிதழ் நீட்டுவது மாதிரி அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். அந்தப் பேச்சைச் சொல்லிக் கொடுத்த பாவம் யாருடையது என்று பார்கவிக்குத் தெரியும்.

அதனால் ஒரு மாதமாக வகுப்பில் அட்டையைப் பார்ப்பதையே விட்டாள். இதயத்தைப் பலகையில் வரைந்து, இரத்தம் போகும் பாதையை வாயாலும் சொன்னாள். எல்லோருக்கும் படமும் உண்டு, பேச்சும் உண்டு. பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, நினைவில் இருப்பதை மட்டும் எழுதச் சொன்னாள். தப்பைத் திருத்தி, இரண்டு நாள் கழித்து மறுபடியும், அடுத்த வாரம் மறுபடியும் எழுத வைத்தாள். பிள்ளைகள் முனகின. திரும்பத் திரும்ப வாசிப்பது சுகம், மூடிவைத்து யோசிப்பது கஷ்டம். ஆனால் தங்கியது. கண், காது, கை என்று பார்க்காமல் தங்கியது. இசக்கிச்செல்வி முதல் தடவை இரண்டு வரி எழுதினாள். நாலாவது தடவை ஒரு பக்கம்.

சனிக்கிழமை செயல் பிரிவுக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்கும் நாள். இசக்கிச்செல்வியின் அம்மா தங்கத்தாய் பேட்டையில் தான் வேலை பார்க்கும் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மகளோடு வந்திருந்தாள். தாளாளர் அறையில், அவர் எதிரிலேயே, பார்கவி வாயைத் திறந்தாள்.

"தங்கத்தாயம்மா, இதுல கையெழுத்துப் போடாதீங்க. இந்த அட்டையெல்லாம் சரியில்லை."

சிவசங்கரன் நிமிர்ந்து பார்த்தார். தங்கத்தாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது.

"நீங்கதான டீச்சர் மேடையில நின்னு சொன்னிய? அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னது தப்பு. தெரியாம சொல்லிட்டேன்."

"அப்போ எம் மவ மக்குன்னு சொல்லுதியளா?" தங்கத்தாயின் குரல் உடைந்தது. "பழைய பள்ளிக்கூடத்துல அம்புட்டு பேரு முன்னாடியும் இவள மக்குன்னு நிறுத்தி வச்சாவ. வீட்டுக்கு வந்து சோத்தைத் தொட மாட்டா. இங்கன வந்து இந்த அட்டைய மாட்டுன பொறவுதான் சிரிச்சா. அதையும் புடுங்கப் பாக்கியளே."

இந்தப் பொய்யை விரட்ட ஆராய்ச்சிக் கட்டுரை போதும் என்று பார்கவி நினைத்திருந்தாள். ஒரு தாயின் அழுகைக்கு அந்தப் பொய்தான் மருந்தாக இருந்திருக்கிறது. மருந்தைப் பிடுங்குகிறவளுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

"மக்கு இல்லம்மா. அவளுக்குப் புத்தகமும் வரும். இப்பவே பாருங்க. செல்வி, இரத்தம் எந்த வழியாப் போகும்? சொல்லு."

இசக்கிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். "கெட்ட ரத்தம் மொதல்ல வலது மேலறைக்கு வரும் டீச்சர். அங்கனயிருந்து வலது கீழறை. அப்புறம் நுரையீரல். அங்கன ஆக்சிஜன் ஏறி, இடது மேலறை, இடது கீழறை. கீழறை அமுக்குன ஒடனே ஒடம்பெல்லாம் போகும்."

ஒரு பிழை இல்லை. தங்கத்தாய் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்கவிக்கு அப்பாடா என்று இருந்தது. ஜெயித்தாயிற்று என்றே நினைத்தாள், பாவம்.

"இப்ப சொல்லுங்கம்மா. இவளுக்கா படிப்பு வராது?"

"எப்படிம்மா இம்புட்டும் படிச்ச?" என்று சிவசங்கரன் இசக்கிச்செல்வியைக் கேட்டார்.

"கையால எழுதி எழுதிப் பாத்தேன்லா சார்" என்றாள் அவள், சிவப்பு அட்டையைத் தொட்டுக்கொண்டு. "நான் கை அட்டைலா, அதான் வந்துட்டு."

சிவசங்கரன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டீங்களா டீச்சர்? இதைத்தானே நீங்க மூணு வருஷமா சொல்லிட்டு வாறீங்க!"

பார்கவி விடவில்லை. இசக்கிச்செல்வியின் பக்கம் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "கை இல்ல செல்வி. புத்தகத்தை மூடிட்டு யோசிச்ச பாரு, அதுதான். ஒன் பக்கத்துல இருக்காளே மும்தாஜ் பேகம், அவ காது அட்டை. அவளும் இதே மாதிரிதான் எழுதினா. அவளுக்கும் எல்லாம் வந்துட்டு. அப்ப என்ன அர்த்தம்?"

இசக்கிச்செல்வி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், நெற்றி சுருங்கியது. பிறகு முகம் மலர்ந்தது.

"அப்போ அவளும் கைதான் டீச்சர்! தப்பா அட்டை குடுத்துட்டாவ. மாத்திக் குடுங்க டீச்சர், பாவம்."

தங்கத்தாய் மகளின் தலையைத் தடவிவிட்டு, பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றாள் பார்கவி.

"எதுக்கு டீச்சர் சிரமம்?" என்று சிவசங்கரன் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. ஜூன் மாதம் அலுவலகத்தில் கேட்டார்கள் என்று, எதற்கென்று பார்க்காமல் நாற்பது வெற்றுச் சம்மதப் படிவங்களில் நின்ற வாக்கில் போட்டுக் கொடுத்திருந்தாள்.