இரண்டாவது கெமரா

"அக்கா, ஒங்க போன்ல அப்பா படம் ஏதாச்சும் இருக்கா?"

குண்டசாலையில் இருக்கும் தன் மணப்பெண் அலங்காரக் கடையைத் திறந்து சந்திரிகா மின்விசிறியைக்கூடப் போடவில்லை. அதற்குள் யோகேஸ்வரி வந்து கதிரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டாள். நான்கு மாதத்துக்கு முன் சந்திரிகா தன் கையால் சேலை உடுத்தி, பூ வைத்து மணவறைக்கு அனுப்பிய பெண். இன்று நெற்றியில் சின்னப் பொட்டு மட்டும்.

"அப்பாவுக்கு என்னம்மா?"

"தவறிட்டாரு அக்கா. நெஞ்சுவலி. ஹேவாஹெட்டயிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியிலேயே. ஞாயித்துக்கிழம முப்பத்தோராம் நாள் காரியம்."

அவள் அப்பா கறுப்பையாவுக்கு என்று இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதானாம். அதுவும் கல்யாணமாகாத வயதில் எடுத்தது. பார்த்தால் அவருடைய தம்பி என்று சொல்லலாம்.

"அது போகட்டும். என் கல்யாணத்தன்னைக்கு அப்பாவும் நானும் சேந்து ஒரு படம் வேணும் அக்கா. அல்பத்த நாலு தரம் பொரட்டிட்டேன். ஒரு எடத்துல தோள் மட்டும் தெரியுது."

அல்பத்தில் ஏன் இல்லை என்பது சந்திரிகாவுக்குத் தெரியும்.

யோகேஸ்வரிக்குத் தாய் இல்லை. மனைவியை இழந்தவர் தாரை வார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவும் சித்தியும் மணவறையில் உட்கார, பெற்ற தகப்பன் கீழே தூணோரம் நின்றார். கெமராக்காரன் ஒருவன். அவன் மணவறையை விட்டு இறங்கவேயில்லை.

இறங்கி எடுக்கத் தெரிந்தவர் ஒருவர் கண்டியில் இருந்தார். அவர் பெயர் சுந்தரலிங்கம்.

ஏழு வருடத்துக்கு முன் சந்திரிகா இந்தக் கடையை ஆரம்பித்தபோது, ஒரு மணப்பெண்ணும் எட்டிப் பார்க்கவில்லை. செய்து பழகிய அலங்காரங்களின் படங்களை எடுத்துக்கொண்டு சுந்தரலிங்கத்தின் ஸ்டூடியோ படியேறினாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் வெளிச்சத்துல அழகாத்தான் இருக்கும். ஒரு கல்யாணத்துக்கு வந்து வேல செய்யி. நான் பாக்குறேன்," என்றார்.

பார்த்தார். பிறகுதான் பேச்சு.

"நீ என்கிட்ட ஆள அனுப்பினா ஒனக்கு நூத்துக்குப் பத்து கொமிஷன். நான் ஒன்கிட்ட அனுப்பினா எனக்கு நூத்துக்குப் பத்து. கல்யாணம் முடிஞ்சு, பொண்ணு வீட்டுக்காரங்க மிச்சக் காச குடுத்த பெறகுதான். அந்தப் பத்த பொண்ணோட கணக்குல ஏத்தக்கூடாது. யாராச்சும் கேட்டா ஒளிக்காம சொல்லணும்."

"சொன்னா கோவிச்சுக்க மாட்டாங்களா அண்ணே?"

"சொல்ல வெக்கமா இருக்கிற கொமிஷன் வாங்காத. அவ்வளவுதான். இன்னொண்ணு. எனக்கு அன்னைக்கு வேல இருந்தா, இல்ல என் வேல அவங்களுக்குச் சரிவராதுன்னா, வேற நல்ல ஆளுகிட்ட அனுப்பு. பத்துக்காக என்கிட்ட அனுப்பாத."

மணவறையைப் பூவால் சோடிக்கும் தனபாலனும் அதே பேச்சுக்கு உடன்பட்டார். ஒருவர் பெயரைச் சொல்லி இன்னொருவரிடம் போனால் மணப்பெண்ணுக்கு அலைச்சல் இல்லை. மூன்று பேருக்கும் வேலைக்குக் குறைவில்லை. சுந்தரலிங்கம் எந்தக் கல்யாணத்துக்கும் ஒரு வாரம் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "மணவறைக்குக் கீழ நிக்கப் போறவங்க யாரு?" அவர்களுக்கென்றே ஒரு கெமராவைக் கீழே நிறுத்துவார்.

அப்புறம் வந்தான் கிளறன்ஸ். அம்பிட்டியவில் கல்யாண ஒழுங்கமைப்பு என்று பலகை மாட்டி, மண்டபம் முதல் மாலை வரை எல்லாம் தன் பொறுப்பு என்றான்.

"என்னக்கா, இன்னும் பத்துலேயே நிக்கிறீங்களா? என் கெமராக்காரங்ககிட்ட அனுப்புங்க, இருவது தாறேன். ஆனா ஒண்ணு, வேற யாருக்கும் அனுப்பக்கூடாது."

கடை வாடகை ஏறியிருந்த மாதம் அது. சந்திரிகா தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு முதலில் வந்த மணப்பெண் யோகேஸ்வரிதான். வரும்போதே கேட்டாள்: "என் சிநேகிதி கல்யாணத்துக்குச் சுந்தரலிங்கம் ஐயாதான் படம் எடுத்தாரு. அவரையே புடிச்சுத் தாறீங்களா?"

"அவருக்கு அன்னைக்கு வேற கல்யாணம்மா," என்றாள் சந்திரிகா. நாக்கு கூசவில்லை. அவரிடம் கேட்கக்கூட இல்லை. பிறகு தனபாலன் பேச்சுவாக்கில் சொன்னார்: சுந்தரலிங்கம் அன்று முழுக்க ஸ்டூடியோவில் சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

இப்போது சந்திரிகா போனை எடுத்து யோகேஸ்வரியின் கல்யாணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கொண்டை, ஜிமிக்கி, மருதாணிக் கை, மறுபடி கொண்டை. கறுப்பையா இல்லை.

"இரும்மா, அல்பத்துக்குப் போடாத படங்க அவங்ககிட்ட இருக்கும்," என்று பின்பக்கம் போய் கிளறன்ஸுக்குப் போன் அடித்தாள்.

"அதெல்லாம் அல்பம் குடுத்த கையோட அழிச்சிட்டாங்கக்கா. அடுத்தடுத்து கல்யாணம், வச்சிருக்க எடம் வேணாமா?"

"ஒரு கெமராதான் அனுப்பினீங்க கிளறன்ஸ். ரெண்டுன்னுதானே பேச்சு?"

அவன் சிரித்தான். "ஒங்களுக்கு இருவது குடுத்தா ரெண்டாவது கெமரா எங்கேருந்துக்கா வரும்? எனக்கென்ன காசு மரத்துலயா காய்க்குது?"

சந்திரிகா போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். கறுப்பையாவின் பக்கம் நின்றிருக்க வேண்டிய அந்தக் கெமராவைத்தான் அவள் கொமிஷனாக வாங்கியிருந்தாள். கடை வாடகையோடு அது போயும்விட்டது.

திரும்பி வந்து யோகேஸ்வரியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"படம் இல்லம்மா. ஒனக்கு ஒண்ணு சொல்லணும். அவங்ககிட்ட ஒன்ன அனுப்பினதுக்கு எனக்கு நூத்துக்கு இருவது குடுத்தாங்க. சுந்தரலிங்கம் அண்ணன் தாறது பத்து. அதனாலதான் அனுப்பினேன்."

காசைப் பற்றி யோகேஸ்வரி கேட்கவில்லை.

"அப்போ அவருக்கு அன்னைக்கு வேற கல்யாணம்னு சொன்னது?"

"இல்ல."

"சும்மாதான் இருந்தாரா?"

"சும்மாதான் இருந்தாரு."

வெளியே கண்டி பஸ் ஒன்று நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. யோகேஸ்வரி கைப்பையைத் திறந்து அப்பாவின் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இதையாச்சும் பெருசாக்கணும்."

"சுந்தரலிங்கம் அண்ணன் நல்லா செஞ்சு தருவாரு. வா, நானே கூட்டிட்டுப் போறேன். செலவு என்னோடது."

"வேணாம்." எழுந்துவிட்டாள். "வழி தெரியும், நானே போயிக்கிறேன்."

வாசல்வரை போனவள் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சந்திரிகாவைக் கொன்றது.

"அங்க போயி ஒங்க பேரச் சொல்லவா அக்கா? பத்து வருமே."

அவள் இறங்கிப் போய்விட்டாள். சந்திரிகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யோகேஸ்வரியிடம் சொல்லாதது இன்னும் ஒன்று இருந்தது. அதை இனி எவரிடமும் சொல்லவும் முடியாது. கல்யாணக் காலை, அலங்காரம் முடிந்து, மகளின் பின்னால் கதவோரம் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார் கறுப்பையா. உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. சந்திரிகா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கொண்டையைப் படம் எடுத்துத் தன் கடையின் இணையப் பக்கத்தில் போட வேண்டும்.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. படத்துல பின்னுக்கு நீங்க விழுறீங்க," என்றாள்.

அவர் உடனே தள்ளி நின்றார்.