மேசைமேல் ரிசீவர்

பர்சனல் டிபார்ட்மென்ட் வேங்கடசுப்ரமணியன் சார் தன் மேசைக்குப் பின்னால் உட்காரவில்லை. மூன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தலையாட்டுவது என்று தெரியும். முழங்கால் இடிக்கிற தூரத்தில் இருப்பவரிடம் என்ன செய்வதாம்?

எதிரே ஷ்யாமளா, மேனேஜரின் ஸ்டெனோ. செம்பூரில் எங்கள் ஃபேன் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். ஷ்யாமளாவுக்கு வந்த வரனைப் பற்றி அவள் தன் அம்மாவோடு போனில் பேசியது ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஆபரேட்டர் ஆபிதா, அதாவது நான்தான், டெலிபோன் போர்டில் ஒட்டுக்கேட்டேன் என்று புகார் கொடுத்துவிட்டாள். நான் கேட்கவில்லை. ஆனால் கேட்காத ஒன்றை எதைக் காட்டி நிரூபிப்பது? இங்கே பேசித் தீராவிட்டால் விசாரணை. ஒட்டுக்கேட்டவள் என்று பேர் விழுந்தால் பம்பாயில் எந்த போர்டிலும் என்னை உட்காரவிட மாட்டார்கள். தாராவியில் எங்கள் வீட்டில் மாதச் சம்பளக்காரி நான் ஒருத்திதான்.

நடுவில் போன் வந்து தொல்லை செய்யக்கூடாது என்று சார் ரிசீவரை எடுத்து மேசைமேல் படுக்க வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஷ்யாமளாவும் நானும் மாட்டுங்காவுல ஒரே பில்டிங். ஆபிதா, அதனால நான் வேண்டாம்னு தோணினா தயங்காம சொல்லுங்கோ. வேற ஆளை உக்கார வைக்கலாம்."

இதை அவரே சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. "நீங்களே இருங்க சார்" என்றேன்.

"சரி. நான் ஜட்ஜ் இல்லை. யார் பக்கம் தப்புன்னு சொல்ல வரலை. ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவா குறுக்கே பேசக்கூடாது. ரெண்டு பேருக்கும் சம நேரம். பட்டப்பேர், ஏச்சு எதுவும் கூடாது. எப்ப வேணும்னாலும் போதும்னு எழுந்து போகலாம். இங்கே பேசறது இந்த ரூமை விட்டு வெளியே போகாது. மேனேஜர் கேட்டாலும் தீர்ந்துதா இல்லையாங்கறது மட்டும்தான் சொல்வேன்."

அப்போதுதான் ரிசீவருக்குள்ளிருந்து கொசு மாதிரி ஒரு குரல் கேட்டது. "யெஸ் ப்ளீஸ்?"

எனக்குப் பதிலாக போர்டில் உட்கார்ந்திருக்கும் ருக்குவின் குரல். ரிசீவரை எடுத்தால் போர்டில் விளக்கு எரியும். ஆபரேட்டர் வயரைச் சொருகிக் கேட்பாள். பதில் இல்லையென்றால் பிடுங்கிவிட வேண்டும், பிடுங்கினால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். நான் காத்திருந்தேன். அந்தச் சத்தம் வரவேயில்லை. ருக்கு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாருக்கு எதுவும் காதில் விழவில்லை. "புகார் ஷ்யாமளாவோடது. அவங்க முதல்ல பேசட்டும்" என்றார்.

வாயைத் திறந்தால் குறுக்கே பேசினவள் ஆவேன். அது போகட்டும். ஒட்டுக்கேட்பது எப்படி என்று இவளுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது பார் என்பார்கள். என் கழுத்துக்கு நானே கயிறு எடுத்துக் கொடுத்தது போல ஆகும். பேசாமல் இருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவள் கதைதானே வெளியே போகும், போகட்டுமே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

ஷ்யாமளா கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள். "அந்தப் பையனாத்துல என்னைப் பத்தி என்ன சொன்னான்னா..."

நான் எழுந்து போய் ரிசீவரை எடுத்து போன்மேல் வைத்துவிட்டேன்.

"ஆபிதா, குறுக்கே வரக்கூடாதுன்னு சொன்னேனே" என்றார் சார்.

"மன்னிச்சுக்கோங்க சார். ரிசீவரை எடுத்துக் கீழே வச்சா போர்டுல லைன் திறந்துதான் இருக்கும். இங்கே பேசுறது பூரா அங்கே கேக்கும். இப்பமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

தலைக்கு மேலே எங்கள் கம்பெனி ஃபேன் மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

"அப்போ போர்டுல இருந்தா கேக்க முடியும்" என்றாள் ஷ்யாமளா, என்னையே பார்த்துக்கொண்டு.

"முடியும்." வேலை போயிற்று என்று நினைத்தேன். அதற்கு மேல் என்ன பயம். "நல்லாவே கேக்கும். நான் கேக்கல. ஆனா அதை எப்படிக் காட்டணும்னு எனக்குத் தெரியல. இது உங்க வீட்டு விஷயம், இன்னொரு தடவை வெளியே போக வேண்டாம்னுதான் எழுந்தேன்."

சார் போனைப் பார்த்தார். வாசல்வரை போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெளியே போகாதுன்னு வாக்குக் குடுத்தேன். குடுக்கறச்சயே அது உடைஞ்சிருக்கு. அது என் தப்பு. மறுபடியும் முதல்லேருந்து சொல்றேன்" என்று ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். நான் ஜட்ஜ் இல்லை. குறுக்கே பேசக்கூடாது. வெளியே போகாது. இந்த முறை ஒவ்வொன்றையும் நான் நம்பிக் கேட்டேன்.

"புகார் ஷ்யாமளாவோடது. அதனால..." என்று அவர் முடிப்பதற்குள் ஷ்யாமளா கையைத் தூக்கினாள்.

"சார், என்னோட முறையை அவங்களுக்குக் குடுக்கலாமா? அவங்க முதல்ல பேசட்டும். நான் கேக்கறேன்."

எத்தனையோ நாளாய் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் எனக்கு மறந்துபோயிற்று. அழுகைதான் வந்தது. அவர்கள் இருவரும் குறுக்கே பேசாமல் காத்திருந்தார்கள்.