வழக்கம்போல பாத்துக்கங்க

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கடுதாசி அக்கா என்று பெயர். பதவியென்னவோ அறிக்கைப் பிரிவு மேற்பார்வையாளர். ஆனால் எந்தத் துறைக்கு யார் கடிதம் எழுத வேண்டியிருந்தாலும், கடைசியில் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடியில் ஜன்னலோரம் இருக்கும் அவள் மேசைக்குத்தான் வருவார்கள். எந்த வரியைப் போன் சாட்டில் தட்டலாம், எதை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், எதற்கு எண் போட்டுக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கர்வம் இருக்கிற இடத்தில்தானே சறுக்கும்.

"சாட்டுல எழுதுறது பேச்சு மாதிரி. எதிர்ல இருக்கறவனுக்கு நம்ம மூஞ்சி தெரியும்னு நினைச்சு எழுதுறோம். மெயில மூணாவது ஆளும் படிப்பான், அவனுக்கு நம்ம மூஞ்சி தெரியாது. லெட்டர் ஃபைலுக்குப் போகும். ஃபைலுக்கு மூஞ்சியே கிடையாது." டீ குடிக்கிற நேரத்தில் இதை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. கேட்டுக் கேட்டு, அவள் "சாட்டுல" என்று ஆரம்பித்தாலே மற்றவர்கள் "மூஞ்சி தெரியும்" என்று முடித்துவைப்பார்கள்.

முதலில் முடித்துவைப்பவன் சீசா. தரைத்தளத்தில் மாதிரிகளை வாங்கி வைக்கிறவன். நாலு வருஷமாகத் தினமும் நூறு தண்ணீர் சீசாக்களோடு குடித்தனம் நடத்துவதால் அந்தப் பெயர். வேலை ஒப்பந்தத்தில்தான். அந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆக வேண்டியது. "ஆர்டர் கைக்கு வந்தா உங்களுக்குத்தான்க்கா முதல் மெசேஜ். பொண்டாட்டிக்குக்கூட அப்புறம்தான்," என்று சொல்லியிருந்தான். அவன் சாட்டில் அனுப்புகிற ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் கண்ணடிக்கும் மூஞ்சி ஒன்று இருக்கும். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்றாலும் கண்ணடிப்பான், காய்ச்சல் என்று லீவு சொன்னாலும் கண்ணடிப்பான்.

கூடத்தில் ஒரு விதி. கிருமி இருக்கிறதா என்று பார்க்க வருகிற தண்ணீரை, பிடித்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சோதனைக்குப் போட்டாக வேண்டும். தாமதமாக வந்தால் சீசா சாட்டில் சொல்வான், அவள் உடனே வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போட்டு வேறு மாதிரி கேட்பாள். இதுதான் வழக்கம். இந்த வழக்கத்தை யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, அவர்கள் இருவருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு மாணவர் விடுதியிலிருந்து வந்த தண்ணீர் மாதிரி தாமதம். சாட்டில் செய்தி வந்தது.

"அக்கா, பத்தாம் நம்பர் லேட்டு. வழக்கம்போல பாத்துக்கங்க." பின்னாலேயே கண்ணடிக்கும் மூஞ்சி.

அப்போது அவள் காதில் போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தியின் மேலேயே ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டாள். சரி என்று அர்த்தம். போன் முடிந்தது, வேறு போன் வந்தது. மின்னஞ்சல் போட மறந்தே போனாள். அவள் பார்த்துக்கொள்வாள் என்று சீசா இருந்தான். சோதனை நடந்து, அறிக்கையும் தாமதம் பற்றி எந்தக் குறிப்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

பத்து நாள் கழித்து விடுதிக்காரர்கள் நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர்தான், யாருக்கும் வயிற்றுவலி கூட இல்லை. ஆனால் அறிக்கை செல்லாது. புகார் நேராக இயக்குநரிடம் போயிற்று. அவர் தலைமையகத்திலிருந்து வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இன்னும் பாதிப் பேரின் முகம்கூட அவருக்குப் பழகவில்லை.

"நடந்தது என்ன? பன்னிரண்டு மணிக்குள் எழுதி அனுப்பவும்," என்று அவரிடமிருந்து மின்னஞ்சல். மணி அப்போதே பதினொன்றே முக்கால்.

சீசாமேல் பழி வந்துவிடக் கூடாது, அவன் அன்றைக்கே சொல்லிவிட்டான் என்று காட்ட வேண்டும், இதுதான் அவள் மனதில் இருந்தது. இது சத்தியம். மின்னஞ்சலுக்கு ஏற்ற மாதிரி நாலே வரி போதும்: மாதிரி இத்தனை மணிக்கு வந்தது, தாமதம் என்று வரவேற்புப் பிரிவு எனக்கு உடனே தெரிவித்தது, வாடிக்கையாளருக்கு எழுத வேண்டியது நான், எழுதத் தவறிவிட்டேன். வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக் கொடுத்திருப்பாள். தனக்கு என்று வந்தபோது அந்தக் கடைசி வரி விரலை விட்டு இறங்கவில்லை. "தாமதம் குறித்து அன்றே வந்த தகவல் கீழே" என்று எழுதி, சாட்டிலிருந்து சீசாவின் வரியை அப்படியே எடுத்து ஒட்டி அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். கண்ணடிக்கும் மூஞ்சி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவள் தட்டிய கட்டைவிரல் வரவில்லை. ஒட்டினால் எழுத்துதான் வரும், தட்டியது வராது.

ஆக, அந்த மின்னஞ்சலில் ஒருவன் கண்ணடித்து எதையோ கேட்கிறான், மேற்பார்வையாளர் வாயே திறக்கவில்லை. படிக்கிற மூன்றாவது ஆளுக்கு அப்படித்தான் தெரியும். உடனே இன்னொரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார்.

"வழக்கம்போலன்னா? அப்போ இது முதல் தடவை இல்லையா? உங்களையும் கூட்டு சேக்கப் பாத்திருக்காரு. நல்லவேளை, நீங்க பதில் சொல்லல."

"இல்ல சார், அது வந்து... அவன் எழுதுறதே அப்படித்தான்."

"ஆஃபீஸ் விஷயத்துல இப்படியா எழுதுவாங்க? ஒரு மெமோ ரெடி பண்ணுங்க. லெட்டர் எல்லாம் நீங்கதான் நல்லா எழுதுவீங்கன்னு சொன்னாங்க. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துக்கு வந்துடணும்."

நான் தட்டினேன் சார், நான்தான் மறந்தேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நாக்கு நுனி வரை வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, "சரி சார்" என்று வெளியே வந்தாள்.

இருக்கையில் உட்கார்ந்து எழுதினாள். நாலு வருஷமாக "டேய்" என்று கூப்பிட்டவனைத் "தாங்கள்" என்று எழுதினாள். "பாத்துக்கங்க" என்பது கடிதத்துக்கு ஆகாத சொல். "கவனித்துக்கொள்ளுமாறு" என்று மாற்றினாள். "மாதிரியின் தாமதத்தை வழக்கம்போல் கவனித்துக்கொள்ளுமாறு தாங்கள் மேற்பார்வையாளரைக் கேட்டுக்கொண்டுள்ளதாகத் தெரியவருகிறது. இதற்கான தங்கள் விளக்கத்தை மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." வேறு கிளையிலிருந்து யாராவது படித்தால் தேர்ந்த கை என்று மெச்சுவார்கள். சாட்டில் வெறும் விளையாட்டாக இருந்தது, மின்னஞ்சலில் சந்தேகமாயிற்று, கடிதத்தில் குற்றமாகிவிட்டது. ஒரே வரிதான். மூன்று இடத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்.

ஆறு மாதத்துக்குள் மெமோ வாங்கியவனை நிரந்தரம் செய்யக் கூடாது என்று விதி இருந்தது. அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த விதியின் வாசகத்தைத் திருத்தியதே அவள்தான். ஐந்து மணிக்குக் கையெழுத்தாகி மெமோ தரைத்தளத்துக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டில் மேசைமுன் உட்கார்ந்து சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன, ஆஃபீஸ்ல யாராவது திட்டிட்டாங்களா?" என்றான் புருஷன்.

"திட்டியிருந்தா சாப்பிட்டிருப்பேன்," என்றாள்.

பிறகு போனை எடுத்துச் சீசாவுக்குத் தட்டினாள். "டேய், சாரிடா. அது சும்மா ஃபார்மாலிட்டி. மனசுல வெச்சுக்காத." கடைசியில் ஒரு சிரிக்கும் மூஞ்சியையும் சேர்த்தாள். அனுப்பியதும் அவளுக்கே கேவலமாக இருந்தது. எண் போட்டு, முத்திரை குத்தி ஒருவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, மன்னிப்பைச் சாட்டில் கேட்கிறாள். அதுவும் சிரித்துக்கொண்டு. செய்தியை அவன் படித்துவிட்டான் என்று காட்டியது. பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் விளக்கம் வந்தது. இயக்குநருக்கு, அவள் வழியாக. அவன் ஒழுங்காகக் கடிதம் எழுதி அவள் பார்த்ததே இல்லை. நாலைந்து வரிதான். தாமதத்தைத் தெரிவித்தது உண்மை. மேற்பார்வையாளர் அதைப் பார்த்ததற்கு அடையாளம் இட்டிருந்தார் என்பதைக்கூட எழுதவில்லை. "எனது சொற்கள் தவறாகப் பொருள்படும்படி அமைந்தமைக்கு வருந்துகிறேன்" என்று மட்டும் இருந்தது. அவன் போனில் அந்தக் கட்டைவிரல் இருக்கிறது. எடுத்துக் காட்டியிருந்தால் போதும். அவளைக் காட்டிக்கொடுக்காமல் விட்டிருந்தான்.

அதைப் படித்ததும் அவளுக்கு இருக்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள், மின்னஞ்சல் அல்ல, கடிதம். பொருள், பார்வை எண், தேதி எல்லாம் போட்டு. 'தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆளில்லாமல் எழுதுவதுதான் கடித வழக்கு. அவள் அப்படி எழுதவில்லை. "நான் மறந்தேன். மறந்ததை மறைத்தேன்." தானே எடுத்துப் போய் நீட்டினாள்.

இயக்குநர் இரண்டு முறை படித்தார். "இத ஒரு மெயில்ல சொல்லியிருக்கலாமே? லெட்டர்னா உங்க ஃபைல்லயும் போகுமே."

"அவன் பேரு லெட்டர்லதான் சார் கெட்டுச்சு. அதனால லெட்டர்லதான் சரியாகணும்."

மெமோ திரும்பப் பெறப்பட்டது. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அதை அவளே எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட மென்மையாக்காமல் எழுதினாள்.

மறுநாள் தரைத்தளத்துக்கு இறங்கிப் போனாள். சீசாக்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நாலு வருஷத்தில் அவன் எழுந்து நின்றதே கிடையாது, பக்கத்து ஸ்டூலைத்தான் காலால் தள்ளிவிடுவான்.

"சொல்லுங்க மேடம்."

"உக்காருடா. நான் பண்ணது தப்புதான்டா."

"பரவால்ல மேடம். எல்லாம்தான் சரியாயிடுச்சே." முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் அங்கேயே நின்று திட்டு வாங்கியிருப்பாள்.

மாதக் கடைசியில் நிரந்தர ஆணையையும் அவள்தான் எழுதினாள். எழுதும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. பதினோரு மணிக்கு ஆணை கீழே போயிற்று. போனை மேசையில் முகம் மேலே தெரிய வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொன்று பத்துக்குச் சாட்டில் மணி அடித்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், அவளுக்குத்தான் முதல் செய்தி.

"மதிப்பிற்குரிய மேற்பார்வையாளர் அவர்களுக்கு, பணி நிரந்தர ஆணை கிடைக்கப்பெற்றேன். தங்கள் உதவிக்கு நன்றி."

ஒரு பிழை இல்லை. புள்ளிகூட அதனதன் இடத்தில் இருந்தது. வரி முடிந்த இடத்துக்குப் பின்னால் ஏதாவது வந்துகொண்டிருக்கிறதா என்று அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரலைத் தட்டப் போனவள், கையை எடுத்துக்கொண்டாள்.