பதின்மூன்று என்று சொன்ன பட்டியல்

மலேசியாவின் பண்டமாரானில் தன் அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் நிரஞ்சனிக்கு ஜெயந்திரன் என்கிற பெயர் நாக்கில் கசந்தது. ஆறு மாதமாக அப்படித்தான். அவள் அண்ணன் கேதீஸ்வரன் துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றும் லோரி ஓட்டியவன், பதினெட்டு ஆண்டு. ஒரு மாதத்தில் பதின்மூன்று முறை அதிவேகம் என்று கணினி சொன்னதாம். பன்னிரண்டைத் தாண்டினால் வேலை கிடையாது. நிறுவனத்தின் வாகனப் பிரிவு மேலாளர் ஜெயந்திரன் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட இல்லை. நிறுவன உணவகத்துக்குப் போகும் வழியில் இருந்த அறிவிப்புப் பலகையில் அவன் படத்தை ஒட்டி, கீழே 'இந்த மாதத்தின் ஆபத்தான ஓட்டுநர்' என்று எழுதி வைத்தான். வேலைக்கு வந்தவர்கள், சாப்பிட வந்தவர்கள், அண்ணன் மகளின் பள்ளித் தோழியின் அப்பா, எல்லாரும் பார்த்தார்கள்.

"அதுல ஒரு நாள் நான் லீவுல இருந்தேன் பாஸ்னு சொன்னேன். 'சிஸ்டம் பொய் சொல்லாது லா'ன்னு சிரிச்சான்." கேதீஸ்வரன் இதை ஒரே ஒரு முறைதான் சொன்னான். அதன்பின் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் மூட்டை தூக்கப் போய்விட்டான்.

நிரஞ்சனி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய தரவு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். அதே லோரி நிறுவனத்திலிருந்து ஒரு வேலை வந்தபோது அவள் கையை முதலில் தூக்கினாள். அதிவேகப் பதிவுகள் சில மாதங்களாக முன்பைவிட மும்மடங்காக வருகின்றன, லோரிகளின் எண்ணிக்கையோ மாறவில்லை, என்னவென்று பாருங்கள் என்பதுதான் வேலை. கேதீஸ்வரன் தன் அண்ணன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தேதான் மறைத்தாள்.

கிள்ளானில் இருந்த அந்த அலுவலகத்தில் ஜெயந்திரன் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

"டூப்ளிகேட் இருக்குமோன்னு நானே செக் பண்ணிட்டேன் மிஸ். 'ரிமூவ் டூப்ளிகேட்' அமுக்கினேன். ஒரு வரிகூடப் போகல. அப்ப டூப்ளிகேட் இல்லன்னுதானே அர்த்தம்?"

"பார்க்கிறேன் பாஸ்," என்றாள் நிரஞ்சனி, குரலில் பணிவோடு.

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். லோரியில் பொருத்திய கருவிகளின் பதிவுகளை ஒரு வெளி நிறுவனம் தினமும் காலை ஆறு மணிக்கு அனுப்பியது. சிக்னல் இல்லாத இடத்தில் கருவி பதிவைத் தேக்கி வைத்துத் தாமதமாகத்தான் அனுப்பும் என்பதால், அவர்கள் ஒவ்வொரு நாளும் கடந்த மூன்று நாளின் பதிவுகளையும் மொத்தமாக மறுபடி அனுப்பினார்கள். இங்கே இருந்த நிரல் வந்ததையெல்லாம் பழைய பட்டியலின் அடியில் ஒட்டிக்கொண்டே போனது. ஒரு சம்பவம் மூன்று நாளில் மூன்று வரியானது. ஒவ்வொரு வரியிலும் அது வந்து சேர்ந்த தேதியும் நேரமும் வேறு வேறாக இருந்ததால், முழு வரியை ஒப்பிட்ட ஜெயந்திரனின் பொத்தானுக்கு எல்லாமே வெவ்வேறாகத் தெரிந்தது. வெளி நிறுவனத்திடம் கேட்டு வாங்கிப் பார்த்தாள்: இந்த வழக்கத்தை விளக்கி அவர்கள் எழுதிய மின்னஞ்சல் அவனுக்குத்தான் வந்திருந்தது, ஒன்பது மாதம் முன்பு. அவன் திறந்து படித்திருக்கிறான். 'நோட்டட், தேங்க்ஸ்' என்று பதிலும் போட்டிருக்கிறான்.

அந்தப் பதிலை அவள் மூன்று முறை படித்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பசித்தவனுக்குச் சோற்று வாசனை வந்தது போல.

அண்ணனின் வரிகளைத் தனியாக எடுத்தாள். பதின்மூன்று வரி. நான்கு சம்பவங்கள் மும்மூன்று முறை. பதின்மூன்றாவது ஒற்றை வரி, அவன் லீவில் இருந்த நாள். முதல் நாள் வந்த பிரதியில் அவன் பெயர் இருந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்த பிரதிகளில் திருத்தி, வேறொரு ஓட்டுநரின் பெயர் போட்டிருந்தார்கள்.

நான்கு. அந்த நான்கில் இரண்டு ஒரே நாளில் நடந்தவை, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. லோரி எண்ணையும் தேதியையும் மட்டும் அடையாளமாக வைத்துச் சுத்தம் செய்தால் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும். அண்ணனுக்கு மூன்றே மூன்று என்று காட்டலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவள் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். நேர்மை கருதி அல்ல. ஒரு வரியில் பிசகு இருந்தாலும் ஜெயந்திரன் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவான். அவனை மூழ்கடிக்க வேண்டுமென்றால் கணக்கில் ஓட்டையே இருக்கக் கூடாது.

கருவி எண், அந்தக் கருவி தந்த சம்பவ எண், இந்த இரண்டையும் சேர்த்து அடையாளமாக வைத்தாள். ஒரே அடையாளத்தில் பல வரி இருந்தால், கடைசியாகத் திருத்தியதை மட்டும் வைத்துக்கொண்டாள். மூலப் பட்டியலைத் தொடாமல், சுத்தமானதைத் தனிப் பட்டியலாக எழுதினாள். அன்றைய கோப்பை வேண்டுமென்றே இரண்டாம் முறை ஏற்றிப் பார்த்தாள். எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு உரிமையாளர் புஷ்பவல்லி வந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள். நிரஞ்சனி திரையில் பதின்மூன்று வரிகளைப் போட்டாள்.

"பாஸ், சம்பவ எண்ணை மட்டும் ஒவ்வொண்ணா வாசிக்கிறீங்களா?"

ஜெயந்திரன் வாசித்தான். நாலாவது வரியில் குரல் தடுமாறியது. "இது... அதேதான் திரும்ப வருது."

"நிறுத்தாதீங்க. பதின்மூணும் வாசிங்க."

வாசிக்க வைத்தாள். முடிந்ததும் மின்னஞ்சலைத் திரையில் காட்டினாள். 'நோட்டட், தேங்க்ஸ்.' இப்படி எல்லையைத் தாண்டியதாகச் சொல்லி வேலையை விட்டு அனுப்பியவர்கள் ஏழு பேர். உண்மையில் தாண்டியவர் ஒருவருமில்லை என்றாள்.

ஜெயந்திரன் கையில் வைத்திருந்த ஓட்டுநர் கோப்பைப் புரட்டினான். சட்டென்று நிமிர்ந்தான். "மேடம், ஒரு நிமிஷம். கேதீஸ்வரன் அப்பா பேரும் இந்த மிஸ் ரிப்போர்ட்ல போட்டிருக்கிற அவங்க அப்பா பேரும் ஒண்ணு. இவங்க அவன் தங்கச்சி! பழி வாங்க வந்திருக்காங்க. இந்தக் கணக்க எப்படி நம்புறது?"

புஷ்பவல்லி அவளைப் பார்த்தாள். "உண்மையா?"

"ஆமா மேடம். பழி வாங்கத்தான் வந்தேன். முன்னாடியே சொல்லாதது என் தப்பு. ஆனா கணக்க நம்ப வேணாம். மூலக் கோப்பு அப்படியே இருக்கு. யாரையாவது எண்ணச் சொல்லுங்க."

அலுவலகக் குமாஸ்தா குமுதாவைக் கூப்பிட்டார்கள். அவள் மூலக் கோப்புகளை அச்செடுத்து, ரூலர் வைத்து, பென்சிலால் சம்பவ எண்களை அடித்துக்கொண்டே போனாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. ஜெயந்திரனின் கழுத்தில் வியர்வை இறங்குவதை நிரஞ்சனி கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேதீஸ்வரன் நாலு மேடம், லீவு நாள் வரிய அப்புறம் வேற ஆள் பேருக்கு மாத்தியிருக்காங்க," என்றாள் குமுதா. "மத்த ஆறு பேருக்கும் மிஸ் சொன்ன அதே நம்பர்தான்."

"ஏழு பேருக்கும் இப்பவே ஃபோன் போடு," என்றாள் புஷ்பவல்லி ஜெயந்திரனிடம். "எங்க முன்னாலேயே. ஸ்பீக்கர்ல. அப்புறம் உன் விஷயத்த பேசலாம்."

ஆறு பேரிடம் மன்னிப்புக் கேட்டான். ஒருவர் அழுதார், இருவர் திட்டினார்கள். கடைசியாகக் கேதீஸ்வரன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "சரி பாஸ்," என்றான் அவன். "வேலைக்கு வர மாட்டேன். ஆனா எங்க வீட்டுக்கு வந்து என் மக முன்னால இதே மாதிரி சொல்லுங்க. அவளும் பாத்தா அந்தப் படத்த."

ஜெயந்திரன் உரிமையாளரைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை போயிட்டு வா," என்றாள் அவள், கோப்பை மூடியபடி.

அன்று மாலை நிரஞ்சனியின் நிறுவனத்தில் அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். உறவை மறைத்ததற்காக மூன்று மாதம் வெளி வேலை கிடையாது என்றார்கள். தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஜெயந்திரனின் கார் தெருமுனையில் திரும்பியதும் அண்ணி, "பாவம், வெயில்ல வரார், தண்ணி கொண்டு வரவா?" என்றாள்.

"முதல்ல சொல்லி முடிக்கட்டும்," என்றாள் நிரஞ்சனி.