பத்து மில்லி தள்ளி

காலையில் போட்ட தகடுகள் எல்லாவற்றிலும் துளைகள் பத்து மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தன.

"தகட்டை ஒழுங்கா முட்டவெச்சு இறுக்கலை," என்றார் பெரியப்பா அண்ணியிடம். பட்டறை அவருடையது. "நாளையிலேர்ந்து நீ பேக்கிங் பாரு. மெஷினை உன் புருஷன் ஓட்டட்டும்."

ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற அண்ணி மெஷினை விட்டு விலகி நின்றாள். அந்த மெஷினைக் கேட்டு வாங்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

தகடுகளை நான் மறுபடி அளந்தேன். இறுக்கியதில் பிசகு என்றால் ஒரு தகடு இரண்டு மில்லி தள்ளும், இன்னொரு தகடு நான்கு தள்ளும். இங்கே எல்லாமே பத்து. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் தகட்டைத் தாங்கும் மேசை நகரும் தூரமும் பத்து.

"அண்ணா, போன வாரம் மோட்டார் மாத்தினியே?"

"மாத்தி, புதுசா ஆஃப்செட் அளந்து போட்டேன். இப்பவும் பத்தைக் கூட்டிட்டா தீர்ந்தது."

"நாளைக்கு அதுவே அந்தப் பக்கம் பத்து தள்ளும்."

"ஆரூடம் சொல்றா பாருங்க, பெரியப்பா."

மெஷினைப் போட்டதும் மேசைக்குத் தன் இடம் தெரியாது. கடைக்கோடி சுவிட்சை மெல்லப் போய்த் தொடும். திரும்பி வரும். சுவிட்ச் விடுபட்ட பிறகு மோட்டாரிலிருந்து வரும் முதல் துடிப்பைப் பிடிக்கும். சுற்றுக்கு ஒரு துடிப்புதான். அந்த இடத்திலிருந்து, அண்ணன் அளந்து போட்ட தூரமான ஆஃப்செட்டைக் கணக்கிட்டால், எல்லா அளவும் தொடங்கும் பூஜ்யம் கிடைக்கும்.

மேசையைத் திரும்பத் திரும்பச் சுவிட்சுக்கு அனுப்பித் துடிப்பைப் பிடிக்கவைத்தேன். சுவிட்ச் விடுபட்ட இடத்துக்கும் துடிப்புக்கும் உள்ள தூரம் திரையில் வந்தது. 0.02. மறுபடி 0.01. அடுத்து 9.99.

"அடப்பாவி," என்றான் அண்ணன்.

புது மோட்டாரில் துடிப்பு சுவிட்ச் விடுபடும் இடத்திலேயே வந்து நின்றிருக்கிறது. சுவிட்ச் ஒரு மயிரிழை தாமதித்தால் துடிப்பு தவறிப்போகும். மேசை ஒரு முழுச் சுற்று கடந்து அடுத்ததைப் பிடிக்கும். இன்று காலை அப்படித்தான் பிடித்திருக்கிறது.

சுவிட்சுக்கு அப்பால் இடம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, அதைக் கடைக்கோடிப் பக்கம் ஐந்து மில்லி தள்ளிப் பூட்டினேன். இப்போது 5.02, 5.01, 5.02. பிடிபடுவது அண்ணன் அளந்த அதே துடிப்பு என்பதால் ஆஃப்செட்டில் கை வைக்கவில்லை. பூஜ்யத்துக்கு வந்து நின்ற மேசையில் வைத்த கடிகார அளவியின் முள்ளும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தைக் காட்டியது.

"மோட்டாரை மாத்தினவர் பேக்கிங் பார்ப்பாரா, மாமா?" என்றாள் அண்ணி. குரல் திரும்பிவிட்டது.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தகட்டைப் போடும்மா. நீதானே ஓட்டறே."

அவள் தகட்டை முட்டவைத்து இறுக்கினாள். முதல் துளை விழுந்ததும், அதை அளக்கும் கருவியை அவரிடமே நீட்டினாள்.