பாதி வாடகைப் படுக்கை

டோரதி ஆன்ட்டி நடத்தும் மகளிர் பிஜி விடுதியில் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பைபிள் வசனம் இருக்கும், அதற்குக் கீழே விதிகள் இருக்கும். வசனம் மாதாமாதம் மாறும். விதிகள் ஒருநாளும் மாறியதில்லை.

ஒரு படுக்கைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு. இருவர் தங்கும் அறைக்கு அறுபது யூனிட் கரண்ட் இலவசம். அதற்கு மேல் ஓடினால் யூனிட்டுக்குப் பத்து ரூபாய், அதை இருவரும் பாதிப் பாதியாகக் கொடுக்கவேண்டும். மாதம் முழுக்க ஊருக்குப் போனால் சாப்பாடு கழித்துப் பாதி வாடகை, படுக்கை நமக்கே காத்திருக்கும். காலி செய்வதானால் ஒரு மாதம் முன்னால் சொல்லவேண்டும், அந்த மாத வாடகை அட்வான்ஸில் கழியும். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து நடந்தே வந்து விழ ஒரு படுக்கை வேண்டும், அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தேன்.

ஜூனில் அம்மா கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டார். பாதி வாடகையைக் கட்டிவிட்டுப் பேரணாம்பட்டு பஸ் ஏறினேன். ஜூலை முதல் தேதி திரும்பி வந்தால், என் பங்குக்கு அதிகப்படி கரண்ட் நூற்றெண்பது ரூபாய் என்றார் ஆன்ட்டி. அறையில் ஒரு ஃபேன், ஒரு லைட். இருவர் இருந்த மாதங்களிலேயே அறுபதைத் தாண்டியதில்லை.

போய்ப் படுக்கையைப் பார்த்தேன். தலையணையில் கடுகெண்ணெய் வாசனை. மெத்தை ஓரத்தில் மருந்துக் கறை. பக்கத்துப் படுக்கை முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள். கல்கத்தாவிலிருந்து கணவரை வைத்தியத்துக்குக் கூட்டிவந்த சந்தியா என்ற பெண்ணுக்கு, ஒரு நாளைக்கு முந்நூறு என்று ஆன்ட்டி என் படுக்கையை மாதம் முழுக்க விட்டிருக்கிறார். சாப்பாடு கிடையாது. அந்தப் பெண் அறையிலேயே மின் அடுப்பு வைத்து, ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவருக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போயிருக்கிறார். நான் வந்துவிட்டதால் இப்போது ஹாலில் பாய் போட்டுக் கிடக்கிறார், அதற்கும் நாளுக்கு நூற்றைம்பது.

நோயாளியின் மலமூத்திரம் அள்ளுகிற எனக்கு இன்னொருத்தி படுத்த மெத்தையில் அருவருப்பு இல்லை. இந்த அம்மாள் ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு விற்று, ஒருத்தி எரித்த கரண்டுக்கு இன்னொருத்தியிடம் கை நீட்டுகிறாரே, அதில்தான் எனக்குக் குமட்டியது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இங்கே படிப்பது பைபிள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆன்ட்டி அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் ஊர்ல இருந்தேன் ஆன்ட்டி. என் பங்கு கரண்ட் எப்பிடி ஓடுச்சு?"

"பெட்டு உன் பேர்ல தான இருக்கு? கணக்கு பெட்டுக்குத்தான் ஜெமி, ஆளுக்கு இல்ல."

"பெட்டு என் பேர்லன்னா அந்த அம்மா கிட்ட எதுக்கு துட்டு வாங்குனீங்க?"

"சும்மா கெடந்த பெட்டுல ஒரு பாவப்பட்ட ஜனம் படுத்துச்சு. இதப் போயி இன்னா பேஜார் பண்ற? அதுவும் ஊழியந்தான்."

கத்தி ஒரு நொடிகூட நிற்கவில்லை. வேண்டுமானால் நூற்றெண்பதைத் தள்ளிவிடுகிறேன், மற்றப் பிள்ளைகளிடம் சொல்லாதே என்று குரலைத் தாழ்த்தினார். அந்தக் கையால் போட்ட சோறு இனி தொண்டையில் இறங்காது என்று தோன்றிவிட்டது. அன்றே காலி செய்வதாகச் சொன்னேன். அட்வான்ஸ் ஜூலை வாடகைக்குச் சரியாகிவிடும், கைக்கு ஒன்றும் வராது என்றார். தெரிந்ததுதான். ஆனால் நான் போனதும் அந்தப் படுக்கை மறுபடி நாள் வாடகைக்குப் போகும், அதை நினைத்தாலே எரிந்தது.

"ஜூலை முழுக்க அது என் பெட்டு. சந்தியா அதுல படுக்கட்டும், என் சாப்பாட்டையும் சாப்பிடட்டும். ஒரு பைசா வாங்கக்கூடாது."

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு என் தலையில் வைத்து, கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார் என்றார். சந்தியாவிடம் தானே இந்தியில் பக்குவமாகச் சொல்லிவிடுவதாகவும், எனக்கு டியூட்டிக்கு நேரமாகிறது என்றும் சொன்னார். நேரமாகித்தான் இருந்தது. ஹாலில் பாயில் இருந்த சந்தியாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பெட்டியோடு டியூட்டிக்கு ஓடி, அது முடிந்ததும் காட்பாடியில் ஒரு தோழியின் அறைக்குப் போய்விட்டேன். ஒரு கேடு கெட்ட காரியத்திலிருந்து கொஞ்சமாவது நல்லதைப் பிடுங்கிவிட்டேன் என்று இரண்டு வாரம் மனசு லேசாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர் வரிசையில் சந்தியாவைப் பார்த்தேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இந்தியில், படுக்கை வசதியாக இருக்கிறதா, சாப்பாடு பிடிக்கிறதா என்று கேட்டேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, இப்போது சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு ஐந்நூறு கொடுக்கிறேன் என்றார். அதில் நூறு ரூபாய் உங்களுக்கு என்று ஆன்ட்டி தனியாக வாங்கி வைக்கிறாரே, ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறாரா என்று கேட்டார்.